றோல்ஸுக்கு முன் ஒரு நன்றியுரை

தொண்டைமானாற்றில் என்னை ஒரு பேச்சாளன் என்று ஒத்துக்கொள்பவர்கள் உண்டு. கணக்கெடுத்துப் பார்த்தால் அது நான் ஒருவன்தான். சனசமூக நிலையக் கூட்டங்களில் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ‘வேறு விடயங்கள்’ என்று ஒன்று வரும். அதற்கு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினால், கதிரை அடுக்குகிற பொடியள் அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர் ஒருவர் பேசப்போகிறார், இடத்தை ஒழுங்குபடுத்தி வைப்போம் என்கிற மரியாதையாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்வது.

இப்படிப்பட்டவனின் வீட்டுக்குத்தான் நன்றியுரை ஒன்று வந்து சேர்ந்தது. மூத்தவள் உயர்தரம் முடிக்கிறாள். தரம் 13 பிள்ளைகளுக்குத் தரம் 12 பிள்ளைகள் பிரியாவிடை வைக்கிறார்கள். விடைபெறுகிறவர்கள் சார்பில் நன்றி சொல்ல வகுப்பாசிரியை இவளைப் பிடித்திருக்கிறார்.

“எவ்வளவு நேரம் தந்திருக்கினம் பிள்ளை?”

“ரெண்டு நிமிசம் அப்பா.”

“ரெண்டு நிமிசமோ! சபையை விளிக்கவே அது காணாதே.”

“விளிக்கிறதெல்லாம் முன்னுக்குக் கதைக்கிற ஆக்கள் விளிச்சு முடிச்சிடுவினமாம். ரீச்சர் சொன்னவ.”

ரீச்சர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்துக்கும் எனக்கும் இடையில் பேனை இருந்தது. அன்றிரவே மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விடியும்போது முதல் வசனம் இப்படி இருந்தது:

“ஆழிசூழ் ஈழத்தின் சிரசென விளங்கும் யாழ்ப்பாணத்தின் நெற்றித் திலகமாய்த் திகழும் வடமராட்சியிலே, கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆற்றின் கரையிலே, அன்னதானக் கந்தன் அருளாட்சி புரியும் செல்வச்சந்நிதியின் திருநிழலிலே, அறியாமை இருளகற்றி, அறிவொளி ஏற்றி, ஒழுக்கம் ஊட்டி, உயர்வு காட்டி, எம்மை ஆளாக்கி, அகமகிழ்ந்து...”

வசனம் அதோடு முடியவில்லை. அடுத்த பக்கத்தில் சோழப் படையெடுப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டில் தணிக்கைக் குழு ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் என் மாமி. தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். என்னை மருமகனாக ஏற்றுக்கொண்டவர், என் வசனங்களை மட்டும் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். ஒரு பக்கம் வாசித்தார். திருப்பினார். பிறகும் திருப்பினார்.

“தம்பி, இந்த வசனத்துக்குப் பயனிலை எங்கை?”

“அங்காலை வருது மாமி.”

“அது வரும் மட்டும் சனம் எங்கை நிக்கிறது?”

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வராததற்குக் காரணம் தமிழ்தான். எங்கள் மொழியில் வினைமுற்று வசனத்தின் கடைசியில் வருகிறது. யார் என்ன செய்தார் என்பது அந்தக் கடைசிச் சொல்லில்தான் தெரியும். ‘அகற்றி, ஏற்றி, ஊட்டி, காட்டி’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம்; இலக்கணம் ஒரு சொல்லும் சொல்லாது. வாசிக்கிறவர் என்றால் கண்ணைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்துக்கொள்வார். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு எச்சத்தையும் அவர் மனதில் ஏந்திக்கொண்டு முற்று எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். நாலாவதோடு கை ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் காத்திருப்பது பின்மேசையில் பேப்பரால் மூடி வைத்திருக்கும் றோல்ஸுக்கு.

றோல்ஸ் இங்கே முக்கியமான பாத்திரம். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட விழாக்களின் நிரலை யாரும் பாடமாகச் சொல்வார்கள்: மங்கள விளக்கேற்றல், தேவாரம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, நினைவுப் பரிசு, பிறகு நன்றியுரை. ஆகக் கடைசியில் தேநீர் விருந்து. நன்றியுரை நிற்கிற இடம் உரைகளின் வாலும் றோல்ஸின் தலையும் சந்திக்கிற இடம். சபை பேச்சுக் கேட்டுக் களைத்திருக்கும். வயிறு கடிகாரத்தைப் பார்க்கும். வரவேற்புரை நீண்டால் சனம் மன்னிக்கும், நன்றியுரை நீண்டால் மன்னிக்காது. இதையெல்லாம் மகள் ஒரே வரியில் சொன்னாள்: “அப்பா, நீங்கள் எழுதினதை நான் வாசிச்சு முடிக்க வாய்ப்பன் ஆறிடும்.”

என்னிடம் கடைசியாக ஓர் ஆயுதம் இருந்தது. “நாவலர் பிறந்த மண் இது. அவர் என்ன ரெண்டு நிமிசமோ பிரசங்கம் செய்தவர்?” என்றேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனம் அல்ல. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதற் பிரசங்கத்தைச் செய்ததை எனக்குச் சொல்லத் தொடங்கி, அதே நாவலர்தான் தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் போட்டு எழுதி வழக்கப்படுத்தியவர் என்பதில் கொண்டுவந்து முடித்தார். “நாவலரைத் துணைக்குக் கூப்பிடுறீங்கள். அவர் போட்ட முற்றுப்புள்ளி ஒண்டையும் உங்கட தாளிலை காணேல்லையே தம்பி?”

அதன் பிறகு மாமி பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திப் பாடம் எடுத்தார். அதைக் கதவோரம் நின்று நானும் கேட்டேன். தண்ணீர் குடிக்க வந்தவன்போல.

எழுத்தின் நேரத்தை அளக்க இலக்கணகாரர் வைத்திருக்கும் அளவு மாத்திரை. இயல்பாக ஒருமுறை கண் இமைக்கிற நேரம், அல்லது ஒருமுறை கை நொடிக்கிற நேரம். பழைய பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்கள் இதே அளவைக்கொண்டே நிறுத்தத்தையும் அளந்தன. காற்புள்ளிக்கு 1 மாத்திரை, அரைப்புள்ளிக்கு 2, முக்காற்புள்ளிக்கு 3, முற்றுப்புள்ளிக்கு 4. மாமி விரலை நொடித்துக் காட்டினார். முற்றுப்புள்ளி வந்ததும் நாலு நொடிப்பு. மகள் அதுவரை ஒரு நொடிப்புக்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தவள். முதல்முறை நாலு நொடிப்பு நின்றபோது அவளுக்கு மூச்சு முட்டியது.

“அம்மம்மா, இவ்வளவு நேரம் சும்மா நிண்டால் சனம் நான் மறந்துபோனன் எண்டு நினைக்கும்.”

“உனக்குத்தான் அது நீளம். கேக்கிற ஆளுக்கு அது காணாது.”

பேசுகிறவருக்குத் தான் அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்பது தெரியும். ஆகவே நிற்கிற நேரம் வெறும் நேரமாகத் தோன்றும். கேட்கிறவர் அந்த நேரத்தில்தான் சொன்னதை வாங்கி உள்ளே வைக்கிறார். ‘ரீச்சர் மழையில் வந்தார்’ என்றால் மழையை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும், ரீச்சரை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்காமல் அடுத்ததைத் தள்ளினால் முதலாவது வெளியே விழுந்துவிடும்.

“எங்கட சந்நிதியிலை பூசை எப்பிடி நடக்குது?” என்று மனைவி அடுக்களையிலிருந்து சேர்த்துக்கொண்டாள். எங்கள் ஊர்ச் செல்வச்சந்நிதியில் பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் மௌனமாகப் பூசை செய்வார். கதிர்காமத்து முறை. “ஒரு சொல்லும் இல்லாமல் முருகனுக்கே விளங்குது. உங்கட அப்பாவுக்கும் அப்பிடி ஒரு துணி எடுத்துத் தரவேணும்.” பக்தி நிறைந்த இந்தக் கருத்தை நான் மறுத்துப் பேசவில்லை.

எங்கே நிற்பது என்பதைவிட எங்கே நிற்கக்கூடாது என்பது பெரிய பாடம் என்பதை அடுத்த நாள் கண்டோம். தரம் 13இல் இன்னொரு பிள்ளை எழுதிக் கொடுத்த வரி ஒன்றை மகள் சேர்த்திருந்தாள்: “எங்கள் அதிபர் பிந்தி வந்த நாள் இல்லை.” எழுதிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பயிற்சியில் மகளுக்கு மூச்சு நடுவில் தீர்ந்தது. “எங்கள் அதிபர் பிந்தி வந்த நாள்...” என்று நின்றாள். சின்னவன் கைதட்டிச் சிரித்தான். “இல்லை” வந்து சேர்ந்தபோது அதிபரின் மானம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

இதுவும் தமிழின் வேலை. எதிர்மறை எங்களிடம் வால்பக்கம் வரும். அதற்கு முன் ஒரு மூச்சு விட்டால் சபை நேர்மாறாக விளங்கிக்கொள்ளும். ‘எங்களை அடித்தது கிடையாது’, ‘உதவி செய்யாத நாளே இல்லை’, ‘ஒருவருக்கும் குறை வைத்ததில்லை’ எல்லாம் இதே கண்ணிவெடிதான். இரட்டை எதிர்மறை என்றால் சபை இரண்டு தரம் தடுமாறும். மாமி அந்த வரியை எடுத்துவிட்டு வேறொன்று போட்டார்: “எங்கள் அதிபர் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு வாசலில் நிற்பார்.” இதில் மூச்சு எங்கே விட்டாலும் அதிபர் பத்திரமாக வாசலில் நிற்கிறார். பிறகு நேரம் காணாமல் அந்த வரியும் போனது, அது வேறு கதை.

விதி இப்படி நிலைத்தது: ஒரு வசனத்துக்கு ஒரு வினைமுற்று. நன்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம், கண்ணால் கண்டது. ‘இல்லை’யில் முடிகிறதென்றால் இரண்டு, மூன்று சொல்லுக்குள் முடிய வேண்டும். ‘தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்வடைகின்றேன்’ என்பதற்கு வீட்டில் தடை. அது நான் காதலித்து வளர்த்த வசனம். மகள் கேட்டாள்: “அப்பா, கடையிலை மிச்சக் காசு தந்தால் நீங்கள் ‘நன்றி’ எண்டுதானே சொல்லுறனீங்கள்? ‘நன்றியைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்வடைகின்றேன்’ எண்டு சொன்னால் கடைக்காரர் என்ன நினைப்பார்?” உண்மையைச் சொன்னால், ஒருமுறை நான் அப்படியும் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னொரு தரம் மிச்சத்தை எண்ணிப் பார்த்தார்.

உரை குறுகக் குறுக வீட்டில் என் பதவியும் குறுகியது. ஆசிரியராகத் தொடங்கியவன் கிணற்றடிச் சபையோராக நியமிக்கப்பட்டேன். மகள் முற்றத்தில் நின்று பேசுவாள். நான் கிணற்றடியில், தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருக்க, கேட்பதை வேலிக்கு மேலால் திருப்பிச் சொல்ல வேண்டும். சோளகம் அடிக்கிற காலம். பனையோலைகள் தங்கள் பங்குக்குச் சலசலத்தன.

“என்ன கேட்டது அப்பா?”

“ரீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்...”

“வந்?”

“வந்தாரோ வரேல்லையோ தெரியாது பிள்ளை.”

வாய் நிறைய மூச்சோடு வசனத்தைத் தொடங்குகிறோம். முடியும்போது மூச்சும் முடிந்து குரல் தாழ்ந்துவிடுகிறது. ஆனால் தமிழில் யாருக்கு, யாரால், நடந்ததா நடக்கவில்லையா என்பதெல்லாம் சொல்லின் கடைசி எழுத்துகளிலேயே இருக்கின்றன. விழுங்குகிற இடம் வசனத்தின் உயிர் இருக்கிற இடம். குட்டி வசனங்களால் வரும் பெரிய இலாபம் இதுதான். மூச்சு தீருமுன் வசனம் தீர்ந்துவிடும், கடைசி எழுத்து முழுதாக வெளியே வரும். நாங்கள் கண்டுபிடித்த பரிசோதனையும் இதுவே: ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி, கடைசிச் சொல்லை முதற் சொல் அளவுக்குச் சத்தமாகச் சொல்ல முடியாவிட்டால் அந்த வசனத்தை இரண்டாக வெட்டு. மோட்டருக்கும் சோளகத்துக்கும் மேலால் ‘வந்தார்’ என்பது எனக்கு முழுதாகக் கேட்ட நாளில் மகளுக்கு நம்பிக்கை வந்தது. எனக்குத் தடிமன் வந்தது.

சின்னவன் சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தோடு சபைக்கு வந்து புது விடயம் ஒன்று சொன்னான். பள்ளிக்கூட மண்டபத்தில் மேலே தகரம், கீழே சீமெந்து, பக்கமெல்லாம் சுவர். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகிறது. மண்டபம் 30 மீற்றர் நீளம் என்று வைத்தால் பின்சுவரில் பட்டுத் திரும்பி வர ஒலி 60 மீற்றர் நடக்க வேண்டும். அதற்கு வினாடியில் ஆறில் ஒரு பங்கு பிடிக்கும். அதோடும் விடாது, தகரத்துக்கும் தரைக்கும் இடையில் இன்னும் சில தரம் துள்ளும். அக்கா அடுத்த சொல்லைச் சொல்லும்போது பழைய சொல்லின் எச்சம் வந்து அதில் ஏறிவிடும். நாலு மாத்திரை நின்றால் பழையது அடங்கி, புதியது சுத்தமான இடத்தில் விழும். வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்துப் பயப்படத் தேவையில்லை; விழா அன்று நிறையும் சனத்தின் உடம்பும் உடுப்பும் எதிரொலியில் ஒரு பங்கைக் குடித்துவிடும். இவன் பரீட்சையிலும் இப்படி எழுதினால் நல்லது என்று மனைவி சொன்னாள்.

எங்கள் ஊரின் பெயரை வடக்கில் உயர்தரம் படித்த எந்தப் பிள்ளையும் அறியும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்கள் அப்படி. ஒரு வரியில் கேள்வி கேட்பார்கள். அதன் பின் மண்டபம் முழுக்க நீண்ட மௌனம். குறுகச் சொல்லி நிறைய யோசிக்க வைக்கிற கலை ஊரிலேயே இருக்க, நான் மட்டும் எப்படி இப்படிப் பிறந்தேன் என்று மாமி ஒருநாள் வாய்விட்டே கேட்டார்.

உரையை எதில் எழுதுவது என்பதிலும் விவாதம் நடந்தது. கொப்பித் தாள் மெல்லியது. கை நடுங்கினால் தாள் படபடக்கும், அதை ஒலிவாங்கி பிடித்து மண்டபம் முழுக்கப் பரப்பும். பக்கம் திருப்பினாலும் அந்தச் சத்தம் வரும். மனைவி அலுமாரியிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாண அழைப்பிதழை எடுத்தாள். மட்டை தடிப்பு, பின்பக்கம் வெறுமை. அதில் ஒரு வரிக்கு ஒரு வசனம், பெரிய எழுத்தில். வரி முடிந்தால் முற்றுப்புள்ளி, அதாவது நாலு நொடிப்பு. வரி நடுவில் மூச்சு விட வேண்டிய இடத்தில் சாய்கோடு. சபை சிரிக்கவோ கைதட்டவோ கூடிய இடத்தில் ஒரு சின்ன வட்டம்.

அந்த வட்டம் மாமியின் யோசனை. கைதட்டல் உச்சத்தில் இருக்கும்போது பேசினால் வசனம் வீண். முழுதாக அடங்கும்வரை நின்றால் சபை குளிர்ந்துவிடும். ஏறிய சத்தம் இறங்கத் தொடங்குகிற நேரம் பார்த்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். பெயர்களை வரிசையாகச் சொல்லி ஒவ்வொன்றின் பின்னும் நின்றால் ஒவ்வொன்றுக்கும் கைதட்டுவார்கள், கடைசிப் பெயருக்குத் தட்டக் கை இராது. அந்தக் கடைசி ஆளுக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. ஆகவே உரையில் பெயரே இல்லை. செய்த காரியம் இருக்கிறது. காரியத்தைக் கேட்டதும் ஆள் யார் என்று சபைக்கே தெரியும்.

மகள் கடைசியில் பேசியது இதுதான். சாய்கோடுகளை அவள் போட்டபடியே விட்டிருக்கிறேன். வட்டத்துக்குப் பதிலாகப் புள்ளிகள்.

“எல்லோருக்கும் வணக்கம்.
நாங்கள் / பதின்மூன்று வருடம் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
இன்று போகிறோம்.
போகும் முன் / மூன்று நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி / எங்கள் ஆசிரியர்களுக்கு.
போன மாரியில் வீதியில் வெள்ளம் நின்றது.
பஸ் ஓடவில்லை.
எங்கள் இரசாயனவியல் ரீச்சர் / சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.
வகுப்பில் ஆறு பேர் இருந்தோம்.
அந்த ஆறு பேருக்கும் / முழுப் பாடமும் எடுத்தார்.
ரீச்சர், / நன்றி. ...

இரண்டாவது நன்றி / மணி அடிக்கும் ஐயாவுக்கு.
நாங்கள் பிந்தி ஓடி வருவோம்.
ஐயா தூரத்தில் காண்பார்.
மணியை ஒரு நிமிடம் பிந்தி அடிப்பார்.
அதிபர் அவர்களே, / இதை இன்றுதான் உங்களுக்குச் சொல்கிறோம். ...
ஐயா, / நன்றி. ...

மூன்றாவது நன்றி / எங்கள் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும்.
விடிய நாலு மணிக்கு எங்களை எழுப்பினீர்கள்.
அதற்கு முன் / நீங்கள் எழும்பினீர்கள்.
நன்றி. ...

தரம் பன்னிரண்டுத் தம்பி தங்கைகளே,
இனி முன் வாங்கு உங்களுடையது.
அதில் ஒரு கால் ஆடும்.
கடதாசி மடித்து வையுங்கள். ...

போய் வருகிறோம்.
வணக்கம்.”

எண்ணிப் பார்த்தால் 100 சொல்லுக்குக் கிட்டத்தான் வரும். நிற்காமல் வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நொடிப்புகளையும் சிரிப்பையும் கூட்டினால் கேட்ட 2 நிமிடம் நிறைகிறது. நேரத்தில் பாதி சும்மா நின்றதற்கு. என் வரைவில் அந்த நேரத்துக்கு முதற் பயனிலைகூட வந்து சேர்ந்திருக்காது.

விழா அன்று நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். பிரதம விருந்தினர் நல்ல மனுசன், நன்றாகவே பேசினார். பேசி முடிக்க மனமில்லாமல் ‘இறுதியாக’ என்பதைப் பல இடங்களில் சொன்னார். அவரை எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. பின்மேசைப் பேப்பரைக் காகம் ஒன்று இழுத்துப் பார்த்தது. மண்டபத்தில் பாதிப் பேரின் தலை அந்தக் காகத்தோடு திரும்பியது.

அப்போதுதான் மகளைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி அவளுக்கு முன் பேசியவரின் உயரத்தில் நின்றது. அதைத் தன் வாய்க்கு இறக்கி, ஒரு சாண் தள்ளி நின்றாள். வாய்க்குள் திணித்துக்கொண்டால் ‘ப’ வருகிற இடமெல்லாம் வெடிக்கும் என்று ஒலிபெருக்கிக்காரத் தம்பி முதலே சொல்லியிருந்தார். “எல்லோருக்கும் வணக்கம்” என்றாள். நின்றாள். அந்த நாலு நொடிப்பை நான் தொடையில் எண்ணினேன். இரண்டாவது நொடிப்பில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். மூன்றாவதில் என்ன பிரச்சினை என்று பார்க்க ஒலிபெருக்கிக்காரத் தம்பியே எழும்பினார். நாலாவதில் காகத்தைப் பார்த்த தலைகள் மேடைக்குத் திரும்பின.

வெள்ளத்து வரியில் மண்டபம் அமைதியாயிற்று. மணியடிக்கும் ஐயா கதவோரம் நின்றவர், தன் கதை வந்ததும் மெல்லக் கதவுக்கு அப்பால் போகப் பார்த்தார். அதிபர் எழும்பித் திரும்பி அவரைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். அதோடு சபை இடிந்தது. மகள் சத்தம் ஏறி இறங்கும்வரை நின்று, இறங்கும்போது “ஐயா, நன்றி” என்றாள். இரண்டாம் முறையும் கைதட்டினார்கள். அதற்கு வட்டம் போட்டிருந்தோம்.

மூன்றாவது நன்றியில் தொண்டை அடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பிரியாவிடையில் யாருக்கும் அடைக்கும் இடம் அதுதான். நீண்ட வசனத்தின் நடுவில் அடைத்தால் மீள வழியில்லை, முழு வசனத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குட்டி வசனம் என்றால் முற்றுப்புள்ளியில் நின்று, மூச்சை எடுத்து, தூரத்துச் சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். சபைக்கு அது நிறுத்தமாகத்தான் தெரியும். மகள் “அதற்கு முன் நீங்கள் எழும்பினீர்கள்” என்றுவிட்டு அப்படித்தான் நின்றாள். நாலு மாத்திரைக்கும் கொஞ்சம் கூட. ஊசி விழுந்தால் கேட்கும் அந்த மௌனத்துக்குள் மூன்றாவது வரிசையிலிருந்து என் மூக்கு உறிஞ்சிய சத்தம் மட்டும் தகரத்தில் பட்டு, சீமெந்தில் பட்டு, பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கிணற்றடித் தடிமன். மனைவி கிள்ளினாள். வினாடியில் ஆறில் ஒரு பங்கு என்று சின்னவன் காதுக்குள் சொன்னான்.

றோல்ஸ் சூடாகவே கிடைத்தது. வகுப்பாசிரியை மாமியிடம் வந்து, “ஆர் எழுதிக் குடுத்தது?” என்று கேட்டார். மாமி பேத்தியைக் காட்டினார். பேத்தி அம்மம்மாவைக் காட்டினாள். நானும் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து நின்றேன். வகுப்பாசிரியை எனக்கு வழிவிட்டு விலகிப் போனார்.

அழைப்பிதழ் மட்டை இப்போது மகளின் புத்தகத்துக்குள் இருக்கிறது. என் வரைவும் பத்திரமாக இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு எழுதியதை வீணாக்குவது முறையல்ல. வருகிற மாதம் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா, நன்றியுரை என்னிடம். வருகிறவர்கள் தயவுசெய்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரவும்.